ஒளிப்படத்தில் உள்ள ஆய்வு வரைபடத்தைத் தமிழாக்குதல்: அச்சுப் பெயர்களும் அலகுகளும் புள்ளியியல் சொற்களும்

மாநாட்டுக் கூடத்தில் ஆய்வுச் சுவரொட்டி ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வந்து, அதிலுள்ள ஒரு வரைபடத்தை மட்டும் தமிழில் தர முயல்பவருக்காக இது எழுதப்படுகிறது. அந்த வரைபடத்தில் மொத்தம் நாற்பது சொற்கள்தான் இருக்கும் என்பதால் அரைமணி நேரத்து வேலை என்று தோன்றும். ஆனால் அந்த நாற்பதில் பாதிக்கு மேல் குறியீடுகளாகவும் சுருக்கங்களாகவும் எண்களாகவும் இருக்கும். கட்டுரையில் ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் வாக்கியம் இடறிக் காட்டிக்கொடுத்துவிடும். அச்சின் ஓரத்தில் ஓர் எழுத்துத் தவறினால் மதிப்பு ஆயிரம் மடங்கு மாறியிருக்கும். வாக்கியம் மட்டும் வழுவழுவென்று ஓடும். ஆகவே எதைப் பெயர்ப்பது என்று யோசிப்பதற்கு முன், படத்தில் உண்மையில் என்ன அச்சாகியிருக்கிறது என்று உறுதி செய்வதும், எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதுமே இந்த வேலையின் பெரும்பகுதி.

பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு படவிளக்கத்தை எடுத்துக்கொள்வோம். உயிரியல் சுவரொட்டிகளில் இத்தகையது அடிக்கடி வரும்.

```
x: Drug concentration (µM)   10⁻¹  10⁰  10¹  10²
y: Fluorescence intensity (a.u., ×10³)   0  1  2  3

Figure 3. Effect of drug on dye uptake in cultured
cells. Mean ± SEM, n = 9 wells from 3 independent
experiments. *p < 0.05 vs vehicle; ns, not
significant (two-tailed Student's t-test).
```

படத்தைச் சரியாக வாங்குதல்

சுவரொட்டியின் மூலையில் QR எனப்படும் விரைவுக் குறியீட்டுக் கட்டம் இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சுவரொட்டியின் மூலக்கோப்பு அதன் வழியே கிடைத்துவிடும். கிடைத்தால் ஒளிப்படத்தோடு மல்லாட வேண்டியதில்லை. இல்லாவிட்டால், படமெடுக்கலாமா என்று ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டு மூன்று படங்கள் எடுங்கள். முழுச் சுவரொட்டி ஒன்று, வரைபடம் மட்டும் நேராக நின்று எடுத்தது ஒன்று, செய்முறைப் பகுதி ஒன்று. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வரைபடத்தில் ஐயம் வரும்போது தீர்த்துவைக்கும் சான்று அந்தச் செய்முறைப் பகுதியில்தான் இருக்கும். வெட்டிச் சுருக்கும்போதும் அச்சின் உச்சியை வெட்டிவிடாதீர்கள். ×10³ போன்ற பெருக்கற்குறி அங்கேதான் தனியாக நிற்கும். செய்தி அனுப்பும் செயலிகள் படத்தைச் சுருக்கிவிடுவதால், மூலக்கோப்பாகவே அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

அதன் பின் செய்ய வேண்டியது மொழிபெயர்ப்பு அன்று, படியெடுத்தல். படத்தில் உள்ளதை உள்ளபடி மூலமொழியிலேயே தட்டச்சு செய்யுங்கள். எழுத்துணரி மென்பொருளைப் பயன்படுத்தினால், அது தருவதை ஒரு வரைவாக மட்டும் கொள்ளுங்கள். மேலே தந்த அச்சை ஓர் எழுத்துணரி பெரும்பாலும் இப்படித்தான் தரும்:

```
Drug concentration (uM)  10-1 100 101 102
Mean + SEM, n = 9 wells ... "p < 0.05 vs vehicle
```

இதில் ஐந்து இடங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. µ என்பது u ஆகிவிட்டது. கழித்தற்குறி இணைப்புக்கோடாக மாறிவிட்டது. மேலெழுத்துகள் தரையிறங்கிவிட்டன. ± தன் அடிக்கோட்டை இழந்து + ஆகிவிட்டது. உடுக்குறி மேற்கோள்குறியாகிவிட்டது. மேலெழுத்து இறங்கியதுதான் இவற்றுள் மிகக் கள்ளத்தனமானது. ஏனெனில் 10⁰, 10¹, 10² என்பவை 100, 101, 102 என்று பார்வைக்கு ஒழுங்கான அடுத்தடுத்த எண்களாக வந்து நிற்கின்றன. தொடக்க காலத்தில் நான் இதை அப்படியே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்தின் அளவு நூறிலிருந்து நூற்றொன்றுக்கு ஏறியதும் செல்கள் இப்படித் துள்ளுமா என்று வாசகர் ஒருவர் கேட்ட பிறகுதான் படத்தைத் திரும்பப் பார்த்தேன்.

இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க எண்களை நம்ப வேண்டாம். அச்சிலுள்ள சிறு கோடுகளைப் பாருங்கள். இரண்டு பெரிய கோடுகளுக்கு நடுவே எட்டுச் சிறு கோடுகள் இருந்து, அவை வலப்பக்கம் போகப்போக நெருங்கிக்கொண்டே வந்தால் அது மடக்கை அளவுகோல். சமதூரத்தில் இருந்தால் சாதாரண அளவுகோல். மடக்கை அளவுகோலில் 1-க்கும் 10-க்கும் சரிநடுவே இருக்கும் புள்ளி 5.5 அன்று, ஏறத்தாழ 3.2. வரைபடத்தில் அந்தச் சொல் அச்சிடப்படாவிட்டாலும், தமிழ் விளக்கத்தில் “கிடை அச்சு மடக்கை அளவுகோலில் உள்ளது” என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். மடக்கை அச்சில் சுழியத்துக்கு இடமில்லை என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ளுங்கள். மருந்தே சேர்க்காத செல்களின் புள்ளியை ஆய்வாளர்கள் இடது ஓரத்தில், அச்சை உடைத்துக் காட்டி, தனியாக வைப்பார்கள். அதை 0.01 என்றோ 10⁻² என்றோ ஊகித்து எழுதிவிடக் கூடாது.

அலகு: குறியீட்டைத் தொடாதீர்கள், ஆனால் நம்பவும் செய்யாதீர்கள்

அனைத்துலக அலகு முறையில் அலகுக் குறியீடுகள் சொற்சுருக்கங்களாகக் கருதப்படுவதில்லை. கணிதக் குறிகளைப் போலவே எல்லா மொழிகளுக்கும் அவை பொது. அலகின் பெயரை மொழிக்கேற்ப எழுதலாம். ஆகவே உரைநடையில் “மைக்ரோமீட்டர்” என்று எழுதுவது சரி. அச்சின் அடைப்புக்குள் µm என்பதை அப்படியே விட்டுவிடுவதும் சரி. அன்றாட எழுத்தில் மி.கி., கி.மீ. என்று எழுதிப் பழகிய கை அச்சிலும் அதையே எழுத விழையும். ஆய்வு வரைபடத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மில்லிக்கு மி, மைக்ரோவுக்கு மை, மெகாவுக்கு மெ என்று எழுதினால், ஆயிரம் மடங்கும் நூறு கோடி மடங்கும் வேறுபடும் மூன்று அளவுகளுக்கு இடையே ஓர் உயிர்க்குறி மட்டுமே நிற்கும். சிறிய எழுத்தில் அச்சாகி மீண்டும் யாரோ படமெடுக்கும்போது அந்தக் குறியும் கரைந்துவிடும்.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பொருள் தருபவை. µm என்பது நீளம். µM என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மைக்ரோமோல் கரைந்திருக்கிறது என்னும் அளவு. நம் வரைபடத்தில் இருப்பது பின்னது. உயிரியல் சுவரொட்டியில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். நுண்ணோக்கிப் படத்தின் மூலையில் உள்ள அளவுகோட்டுக்கு µm, மருந்துக்கு µM.

அடுத்து, படத்தில் தெளிவாகவே mM என்று தெரிந்தாலும் அதை உடனே ஏற்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில கணினிகளில் µ என்னும் எழுத்து சிம்பல் என்ற எழுத்துருவில் m விசையைத் தட்டித்தான் பெறப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் சுவரொட்டியை அச்சுக்கு அனுப்பினால், µM என்று எழுதியது mM என்றே அச்சாகிவிடும். தலைப்புகளை முழுவதும் பெரிய எழுத்தாக்கும் வடிவமைப்பில் இன்னொரு கூத்து நடக்கும். µ-வின் பெரிய வடிவம் பார்வைக்கு M போலவே இருப்பதால் MM என்று வந்து நிற்கும். இரண்டிலும் பிழை ஒளிப்படத்தில் இல்லை, சுவரொட்டியிலேயே இருக்கிறது. எனவே படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியவராது.

இதைச் சரிபார்க்கத்தான் செய்முறைப் பகுதியின் படம் வேண்டும் என்றேன். அங்கே “10 mM மூலக்கரைசல் 1:1000 என்ற விகிதத்தில் நீர்க்கப்பட்டது” என்பது போன்ற ஒரு வரி இருந்தால், செல்களுக்குச் சென்ற செறிவு 10 mM-ஐ ஆயிரத்தால் வகுத்தது, அதாவது 10 µM. அச்சில் 10 என்ற இடத்தில் ஒரு புள்ளி இருந்து, அலகு mM என்று அச்சாகியிருந்தால், இரண்டில் ஒன்று தவறு. அப்போதும் நீங்களாகத் திருத்திவிடாமல், அச்சில் உள்ளதை அப்படியே எழுதி, கீழே குறிப்பில் முரணைச் சுட்டிக்காட்டுங்கள். முடிந்தால் ஆய்வாளரிடமே கேளுங்கள். சுவரொட்டியில் தொடர்பு முகவரி இருக்கும். தம் சுவரொட்டியை ஒருவர் இவ்வளவு ஊன்றிப் படித்திருப்பதற்காகவே பெரும்பாலானோர் விடை எழுதுவார்கள்.

அலகு மாற்றமும் வேண்டாம். இரத்தச் சர்க்கரையின் அச்சு mmol/L என்றிருக்கும்போது, வாசகருக்குப் பழக்கமான mg/dL என்று மாற்றத் தோன்றலாம். 5 mmol/L என்பது 90 mg/dL, அதாவது 18-ஆல் பெருக்கல் என்பது எளிய கணக்குதான். ஆனால் அச்சிலுள்ள எண்கள் பழைய அலகில் அப்படியே நிற்கும்போது பெயரை மட்டும் மாற்றினால் வரைபடமே பொய்யாகிவிடும். மாற்றம் தேவையென்றால் அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.

நெடுக்கை அச்சிலுள்ள a.u. என்பது வானியல் அலகு அன்று. கருவியின் அமைப்பைப் பொறுத்து மாறும், வெளியே எதனோடும் ஒப்பிட முடியாத ஓர் எண் என்பதைச் சொல்லும் சுருக்கம் அது. “தன்னிச்சை அலகு” என்று நான் எழுதுகிறேன். முதல்முறை வரும்போது “இந்த எண்களை இந்த வரைபடத்துக்குள் மட்டுமே ஒப்பிடலாம்” என்று ஒரு தொடர் சேர்க்கிறேன். அதன் அருகிலுள்ள ×10³, அச்சில் 2.4 என்று வாசிப்பதை 2400 என்று கொள்ளச் சொல்கிறது. இதற்கு மாறாக, பெருக்கற்குறி பெயருக்கு முன்னால் நின்றால், அளவை ஏற்கெனவே ஆயிரத்தால் பெருக்கித்தான் அச்சில் போட்டிருக்கிறார்கள் என்று வாசிக்க இடமுண்டு. அப்போது உண்மை மதிப்பு 0.0024. எனவே தமிழில் பெயரும் பெருக்கலும் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில்தான் இருக்க வேண்டும். வாக்கியம் நன்றாக ஓட வேண்டும் என்று இடம் மாற்றாதீர்கள்.

இரண்டு அச்சுக்கும் ஒரே சொல் வந்துவிட்டால்

இப்போதுதான் மொழிபெயர்ப்பு தொடங்குகிறது. தொடங்கியவுடன் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் முன்னே நிற்கிறது. கிடை அச்சில் இருப்பதைச் “செறிவு” என்போம். வேதியியல் பாடநூல்களில் பயின்ற சொல். நெடுக்கை அச்சில் ஒளியின் வலிமை இருக்கிறது. இயற்பியல் பாடநூல்கள் அதையும் செறிவு என்றே சொல்கின்றன. இரண்டு அகராதிகளும் சரியே, ஆனால் வரைபடம் “செறிவுக்கு எதிராகச் செறிவு” என்று ஆகிவிடும். இங்கே ஒரு பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். கரைசலுக்குச் செறிவை விட்டுவிட்டு, ஒளிக்கு “ஒளிர்வு வலிமை” என்று வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கரைசலுக்கு வேறு நல்ல சொல் இல்லை, ஒளிக்கு உண்டு.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மூலத்தில் ‘ஃபிரீக்வென்சி’ என்று ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரியும். அலைகளைப் பற்றிய அச்சில் அதிர்வெண். ஒரு மதிப்பு எத்தனை முறை வந்தது என்று காட்டும் பட்டை வரைபடத்தில் நிகழ்வெண். அச்சின் அலகைப் பார்த்தால் குழப்பம் தீரும். Hz என்று இருந்தால் முன்னது. அலகே இல்லாமல் முழு எண்களாக இருந்தால் பெரும்பாலும் பின்னது.

ஆகவே அச்சுப் பெயர்கள் அனைத்தையும் எழுதி முடித்த பிறகு, தமிழ்ப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் தனியாக வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே சொல் இரு வேறு அளவுகளுக்கு வந்திருக்கிறதா என்பது அப்போதுதான் கண்ணில் படும். மேலே கண்ட படவிளக்கத்தில் இன்னொன்றும் அப்படிச் சிக்கும். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை, எண்களின் மேல் செய்வதும் சோதனை. முன்னதைப் பரிசோதனை என்றும் பின்னதைச் சோதனை என்றும் பிரித்துக்கொண்டால் போதும்.

கிணறும் வாகனமும் மாணவரும்

படவிளக்கத்திலுள்ள மூன்று சொற்கள் அகராதியை மட்டும் நம்பியவரைக் கவிழ்த்துவிடும். ‘வெல்’ என்பதற்குக் கிணறு என்று எழுதினால் ஆய்வாளர் ஒன்பது கிணறுகளில் நீரெடுத்ததாகக் கதை மாறும். இங்கே அது, செல்களை வளர்க்கும் நெகிழித் தட்டிலுள்ள சிறு குழி. ஒரு தட்டில் 96 குழிகள் இருப்பது பரவலான வடிவம். ‘வெஹிக்கிள்’ என்பது வாகனம் அன்று. மருந்தைக் கரைத்து எடுத்துச்செல்லும் கரைப்பான். மருந்தை நீக்கிவிட்டு அந்தக் கரைப்பானை மட்டும் பெற்ற செல்களோடுதான் ஒப்பீடு நடக்கிறது. எனவே “மருந்தில்லாத கரைப்பான் மட்டும்” என்று விரித்தே எழுத வேண்டும்.

‘ஸ்டூடன்ட்’ என்பதை “மாணவர் சோதனை” என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஒருவரின் புனைபெயர். வில்லியம் சீலி காசெட் என்னும் புள்ளியியலாளர் 1908-இல் அந்தப் பெயரில்தான் இம்முறைக்கு அடிப்படையான கட்டுரையை வெளியிட்டார். பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை, “ஸ்டூடன்ட் t சோதனை” என்பதே சரி. t என்னும் எழுத்தும் சூத்திரக் குறி என்பதால் அப்படியே நிற்கட்டும். அதற்கு முன்னால் வரும் அடைமொழி, வேறுபாடு கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும் கணக்கில் எடுக்கப்படும் என்று சொல்கிறது. பாடநூல் வழக்கில் அது “இருமுனைச் சோதனை”.

புள்ளியியல் சொற்கள்

அச்சுப் பெயரில் தடுமாறினால் வாசகர் கேள்வி கேட்பார். புள்ளியியல் சொல்லில் தடுமாறினால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இங்கே சற்று நின்று போக வேண்டும்.

முதலில் ± குறியின் வலப்பக்கம் இருப்பது எது என்று பாருங்கள். அங்கே SD என்றிருந்தால் திட்ட விலக்கம். தனித்தனி அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்வது. SEM என்றிருந்தால் சராசரியின் திட்டப் பிழை. கண்டறிந்த சராசரி எவ்வளவு துல்லியமானது என்பதைச் சொல்வது. 95% CI என்றிருந்தால் நம்பிக்கை இடைவெளி. மூன்றும் படத்தில் ஒரே மாதிரியான சிறு செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். எனவே கோட்டைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது; படவிளக்கம் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். படவிளக்கம் எதுவுமே சொல்லாவிட்டால் “கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று மூலத்தில் குறிப்பிடப்படவில்லை” என்று எழுதுங்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நம் படத்திலேயே கணக்கிடலாம். 10 µM இருக்கும் இடத்தில் புள்ளி 2.4 உயரத்தில் நிற்கிறது, கோடு மேலும் கீழும் 0.1 நீள்கிறது என்று கொள்வோம். ×10³ சேர்த்தால் சராசரி 2400, திட்டப் பிழை 100. திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை n-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. n = 9 என்றால் வர்க்கமூலம் 3; எனவே திட்ட விலக்கம் 300. தமிழில் கைதவறித் “திட்ட விலக்கம்” என்று எழுதிவிட்டால், 300 அளவுக்குச் சிதறியிருக்கும் அளவீடுகள் 100-க்குள் அடங்கி நிற்பதாக வாசகர் நினைத்துக்கொள்வார். ஆய்வாளர் சொல்லாத ஒரு சீர்மையை மொழிபெயர்ப்பாளர் கொடுத்துவிட்டதாக ஆகும்.

n என்னும் எழுத்தின் அருகிலுள்ள பெயர்ச்சொல்லையும் விட்டுவிடக் கூடாது. 9 குழிகள், 3 பரிசோதனைகள் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே தட்டில் இருந்த மூன்று குழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது இயல்பு. உண்மையான சான்று மூன்று தனித்தனிப் பரிசோதனைகள்தான் என்று வாதிடுவோர் பலர். அவர்கள் கணக்கில் n = 3. “மாதிரி எண்ணிக்கை 9” என்று சுருக்கிவிட்டால் அந்த விவாதத்துக்கான கதவையே அடைத்துவிடுகிறீர்கள். இரண்டு எண்களும் தத்தம் பெயரோடு தமிழில் வர வேண்டும். ‘இன்டிபென்டன்ட்’ என்பதற்குச் சுதந்திரமான என்று எழுத வேண்டாம். “தனித்தனியே நிகழ்த்தப்பட்ட” என்பது போதும்.

அடுத்தது p. இதை மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை: p < 0.05 என்று அப்படியே எழுதுங்கள். விளக்கிச் சொல்கிறேன் என்று “முடிவு தவறாக இருக்க 5 விழுக்காடு வாய்ப்பு” என்று சேர்ப்பவர்கள் உண்டு, அது தவறு. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாகக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் p சொல்கிறது. இதை ஒரு அடைமொழியில் அடக்க முடியாது. அடக்க முயலவும் வேண்டாம். படியெடுக்கும்போது < குறி ≤ ஆகவோ, ≤ குறி < ஆகவோ மாறியிருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

‘சிக்னிஃபிகன்ட்’ என்பதற்குக் “குறிப்பிடத்தக்க” என்று எழுதுவது செய்தித்தாள் வழக்கம். தமிழில் அந்தச் சொல் பெரியது, கவனத்துக்குரியது என்று பொருள்படும். மிகச் சிறிய வேறுபாடும், அளவீடுகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், புள்ளியியல் சோதனையைத் தாண்டிவிடும். அதனால் “புள்ளியியல் நோக்கில் பொருளுடைய வேறுபாடு” என்று நீட்டியே எழுதுகிறேன். பாடநூல்களில் வேறு சொற்களும் உள்ளன. எதை எடுத்தாலும் “புள்ளியியல்” என்னும் முன்சொல்லை விடாதீர்கள். ns என்பதற்கு “வேறுபாடு இல்லை” என்று எழுதுவது இதன் மறுபக்கப் பிழை. வேறுபாடு இருக்கிறது என்று காட்டப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். இல்லவே இல்லை என்று யாரும் நிறுவவில்லை. இயற்பியல் சுவரொட்டியில் இதே இரண்டெழுத்து நானோநொடியைக் குறிக்கும் என்பதால், அது எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.

மருந்தின் பல அளவுகளை ஒரே கரைப்பானோடு, ஒவ்வொன்றாக t சோதனை செய்து ஒப்பிடுவது பிழைக்கு இடம் தரும் என்று புள்ளியியல் தெரிந்தவர் சொல்லக்கூடும். சொல்வது சரிதான், ஆனால் அது மொழிபெயர்ப்பில் திருத்த வேண்டிய செய்தி அன்று.

கலைச்சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலங்கைப் பாடநூல்களும் வேறு வேறு சொற்களைப் பயன்படுத்துகின்றன. திட்ட விலக்கம், நியம விலகல் என்பவை ஒன்றே என்று எளிதாகப் புரிந்துவிடும். ஆனால் இலங்கையில் “இடை” என்பது சராசரி. நடுவில் விழும் மதிப்பு “இடையம்”. தமிழ்நாட்டிலோ அந்த நடுமதிப்பின் பெயர் “இடைநிலை அளவு”. இடை, இடைநிலை என்று இரண்டு அகராதிகளிலிருந்தும் கலந்தெடுத்தால், ஒரு நாட்டு வாசகருக்குச் சராசரியாகப் படுவது மற்றவருக்கு நடுமதிப்பாகப் படும். நான் “சராசரி” என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன், அதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. மற்றவற்றுக்கு ஒரு மரபை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை மாறாமல் இருப்பது நல்லது.

முடிந்த வடிவம்

இவ்வளவும் தீர்ந்த பிறகு நம் படவிளக்கம் இப்படி அமைகிறது.

கிடை அச்சு: மருந்தின் செறிவு (µM); 10⁻¹, 10⁰, 10¹, 10². நெடுக்கை அச்சு: ஒளிர்வு வலிமை (a.u., ×10³); 0, 1, 2, 3.

படம் 3. வளர்ப்புச் செல்கள் சாயத்தை உள்ளெடுப்பதில் மருந்தின் விளைவு. மதிப்புகள்: சராசரி ± சராசரியின் திட்டப் பிழை; n = 9 குழிகள், தனித்தனியே நிகழ்த்தப்பட்ட 3 பரிசோதனைகளிலிருந்து. * மருந்தில்லாத கரைப்பானோடு ஒப்பிடுகையில் p < 0.05, ns: புள்ளியியல் நோக்கில் பொருளுடைய வேறுபாடு காணப்படவில்லை (ஸ்டூடன்ட் t சோதனை, இருமுனை).

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: கிடை அச்சு மடக்கை அளவுகோலில் உள்ளது. µM என்பது ஒரு லிட்டருக்கு மைக்ரோமோல். a.u. என்பது தன்னிச்சை அலகு. இந்த எண்களை இந்த வரைபடத்துக்குள் மட்டுமே ஒப்பிடலாம்.

a.u. என்னும் சுருக்கத்தை அச்சில் அப்படியே விட்டுக் குறிப்பில் விளக்கியிருப்பதைக் கவனியுங்கள். படத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, அடைப்புக்குள் இருப்பது இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கண் அலையாது. தமிழை வரைபடத்தின் மேலேயே எழுதுவதா, கீழே தருவதா என்பது இடத்தைப் பொறுத்தது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. நெடுக்கை அச்சில் முழு வரியையும் படுக்கவைத்துத் திருப்பலாம், ஆனால் எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்துபோகும். இடம் போதாவிட்டால் படத்தில் 1, 2, 3 என்று வட்டமிட்டுக் கீழே பட்டியல் தருவதே தெளிவு.

கொடுப்பதற்கு முன் இரண்டு சரிபார்ப்புகள். முதலாவது, எண்களை மட்டும் ஒப்பிடுவது. மூலப் படவிளக்கத்தில் வரிசையாக 3, 9, 3, 0.05 இருக்கின்றன, தமிழிலும் அதே நான்கும் அதே வரிசையில் இருக்க வேண்டும். இரண்டாவது சற்று நேரம் எடுக்கும். படத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் விளக்கத்தை மட்டும் கொடுத்து, இரண்டு அச்சுகளையும் ஒரு புள்ளியையும் அதன் கோட்டையும் தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் கிடை அச்சில் 1, 10, 100 என்பவற்றைச் சமதூரத்தில் குறித்து, கரைப்பானுக்கு உரிய புள்ளியை எங்கே வைப்பது என்று உங்களிடம் திரும்பிக் கேட்டால் மடக்கை அளவுகோல் சரியாகப் போய்ச்சேர்ந்திருக்கிறது. கேட்காமல் சுழியத்தில் வைத்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் குறிப்பின் முதல் வரிக்குப் பக்கத்தில் இன்னொரு தொடர் சேர்க்க வேண்டும்: “கரைப்பான் மட்டும் பெற்ற செல்களின் புள்ளி, அச்சு உடைந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கத்தில் தனியே காட்டப்பட்டுள்ளது.”